சிகரெட்டை விட்ட பிறகு சளி கூடுவது ஏன்?

கேள்வி: எனக்கு 45 வயது. கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் பட்டறையில் கல் அறுக்கும் வேலை. 22 வருஷமாக ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு சிகரெட் பிடித்தேன். விட்டு மூன்று வாரம் ஆகிறது. பிடித்த காலத்தில் காலையில் மட்டும்தான் இருமல் வரும். இப்போது நாள் முழுக்க இருமல், சளி. கூட வேலை செய்கிறவர்கள், "கல் தூசியைப் புகைதான் அறுத்து வெளியே தள்ளும், நீ விட்டதால்தான் நெஞ்சில் கட்டிக்கிச்சு, காலையில் ஒண்ணு மட்டும் பிடி" என்கிறார்கள். அது உண்மையா? இருமல் நிற்க மருந்துக்கடையில் சிரப் வாங்கிக் குடிக்கலாமா?

பதில்: காலையில் அந்த ஒன்றையும் பிடிக்காதீர்கள். சிரப்பும் இப்போது வேண்டாம். ஆனால் இந்த வாரத்திலேயே சளிப் பரிசோதனை ஒன்று செய்தாக வேண்டும். அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். உங்கள் நண்பர்கள் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள்: புகைத்ததும் இருமல் வரும், இருமினால் சளி வரும். அதற்கு அவர்கள் சொல்லும் காரணம்தான் தலைகீழ். அதைப் புரிந்துகொள்ள, நீங்கள் அறுக்கும் கல்லின் தூசி உள்ளே போனபின் எந்த வழியாக வெளியே வருகிறது என்று பார்க்க வேண்டும்.

கல்லை அறுக்கும்போது பறக்கும் தூசியில் எல்லா அளவிலும் துகள்கள் இருக்கும். பத்து மைக்ரானுக்கு மேற்பட்டவை பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் ஒட்டிக்கொள்ளும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மூக்கின் வளைவுகளில் காற்று திரும்பும்போது கனமான துகள் திரும்ப முடியாமல் ஈரச் சுவரில் மோதி நின்றுவிடுகிறது. கடினமான வேலை செய்யும்போது நாம் வாயால் மூச்சு விடுகிறோம். அப்போது இந்த முதல் தடுப்பு இல்லாமல் போகிறது. பத்து மைக்ரானைவிடச் சிறிய துகள்கள் மூச்சுக்குழாய்க் கிளைகளில் படியும். இரண்டு மூன்று மைக்ரானுக்கும் குறைந்தவை கடைசி வரை போய், ரத்தத்தில் ஆக்சிஜன் கலக்கும் காற்றறைகளைத் தொடும். இந்தக் கடைசி வகை தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியாது. பட்டறையில் தூசி தெரியவில்லை என்பதால் தூசி இல்லை என்று ஆகாது.

கிளைகளில் படிந்த துகளை எடுத்துக்கொள்வோம். மூச்சுக்குழாயின் உள்சுவரில் உள்ள செல்கள் ஒவ்வொன்றின் தலையிலும் சுமார் இருநூறு நுண்ணிழைகள் நிற்கின்றன. சிலியா என்பது இவைதான். ஒவ்வொன்றும் ஆறேழு மைக்ரான் உயரம். இவற்றைச் சுற்றி, ஏறக்குறைய இவற்றின் உயரத்துக்கே, நீர்த்த திரவம் ஒன்று நிற்கிறது. அதன்மேல் மெல்லிய போர்வையாகச் சளி மிதக்கிறது. தூசி ஒட்டுவது இந்தச் சளியில். இழைகள் வினாடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் அடிக்கின்றன. முன்னோக்கி அடிக்கும்போது விறைத்து நிமிர்ந்து, நுனியால் சளியின் அடிப்பரப்பைப் பிடித்துத் தள்ளும். திரும்பும்போது வளைந்து, அந்த நீர்த்த திரவத்துக்குள்ளேயே பக்கவாட்டில் திரும்பிவிடும். அதனால் சளி முன்னும் பின்னும் ஆடாமல் ஒரே திசையில், தொண்டையை நோக்கியே நகர்கிறது. அக்கம்பக்கத்து இழைகள் ஒரே நேரத்தில் அடிப்பதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக அடிப்பதால் தள்ளுதல் விட்டுவிட்டு வராமல் தொடர்ந்து இருக்கிறது.

வேகம் எவ்வளவு? புகைக்காத ஒருவரின் பெரிய மூச்சுக்குழாயில் நிமிடத்துக்கு ஐந்து மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். ஆளுக்கு ஆள் வேறுபடும். அந்தக் குழாயின் நீளம் சுமார் 11 சென்டிமீட்டர். ஆக அதைக் கடக்க இருபது நிமிடத்துக்குச் சற்று மேல். கீழே உள்ள சிறு கிளைகளில் வேகம் நிமிடத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அங்கே விழுந்த துகள் மேலே வந்து சேரப் பல மணி நேரம் ஆகும். எப்படியும் கிளைகளில் படிந்ததில் பெரும்பகுதி ஒரு நாளுக்குள் தொண்டைக்கு வந்து, நமக்குத் தெரியாமலே விழுங்கப்பட்டு வயிற்றுக்குப் போய்விடும். புகைக்காதவருக்கும் நாள்தோறும் சளி ஊறுகிறது, நாள்தோறும் ஏறுகிறது. அவர் அதைச் சளி என்று உணர்வதே இல்லை, அவ்வளவுதான்.

இந்த ஏற்பாட்டுக்கு மூன்றும் சரியாக இருக்க வேண்டும்: இழைகள் அடிக்க வேண்டும், அவற்றைச் சுற்றிய திரவம் வற்றக் கூடாது, சளி அளவாக ஊற வேண்டும். சிகரெட் மூன்றையும் கெடுக்கிறது.

புகையில் உள்ள அக்ரோலின், ஃபார்மால்டிஹைடு, ஹைட்ரஜன் சயனைடு போன்ற வேதிப்பொருள்கள் இழைகளின் அடிப்பைக் குறைக்கின்றன. இது முதல் சில இழுப்புகளிலேயே தொடங்குகிறது. நாள்தோறும் தொடர்ந்தால் இழைகள் குட்டையாகின்றன. இழைகளே இல்லாத செல்கள் திட்டுத்திட்டாக முளைக்கின்றன. சில இடங்களில் சுவர் தன்னைக் காத்துக்கொள்ள, வாயின் உட்புறம் போன்ற தட்டையான, இழையற்ற மேல்தோலாக மாறிவிடுகிறது. அந்தத் திட்டு வரும்போது சளி நின்றுவிடும், தள்ள ஆளில்லை. இரண்டாவது, உப்பையும் நீரையும் செல்லுக்கு வெளியே விடும் ஒரு வாயில் புகையால் சரியாகத் திறக்காமல் போகிறது. திரவம் குறைகிறது, சளி கெட்டியாகி இழைகளின் மேலேயே அமர்கிறது. மூன்றாவதாக, சளி ஊறும் செல்கள் பெருகுகின்றன. மூச்சுக்குழாய்ச் சுவருக்குள் இருக்கும் சளிச்சுரப்பிகள் வீங்கிப் பெரிதாகின்றன. ஆக ஊறுவது அதிகம், அதுவும் கெட்டி, ஏற்றிவிடுவதோ குறைவு.

மிச்சம் இருக்கும் ஒரே வழி இருமல். ஆனால் இருமலுக்கு எல்லை உண்டு. காற்று வேகமாகப் பாயும் பெரிய கிளைகளில்தான் அது சளியைப் பிய்த்து எறியும். நுனிக்கிளைகளில் குறுக்குப் பரப்பு மிகப் பெரிது என்பதால் காற்று அங்கே மெதுவாகத்தான் நகரும். அங்கே இருமல் எட்டாது. ஆகவே சிறுகிளைகளில் உள்ள துகள் இழைகள் ஏற்றினால்தான் உண்டு. இழைகள் நின்றால் அங்கேயே தங்கும். நோய்க்கிருமியும் அப்படித்தான் தங்கும்.

அந்தக் காலை இருமலின் கணக்கு இப்போது பிடிபடும். தூக்கத்தில் இழைகளின் வேகமும் இருமல் உணர்வும் குறைகின்றன. இரவு முழுதும் ஊறியது கிளைகளில் தேங்கி, எழுந்ததும் ஒரே வீச்சில் வருகிறது. பகலில் இருமல் இல்லாமல் இருந்தது நெஞ்சு சுத்தமாக இருந்ததற்கு அடையாளம் அல்ல. தொடர்ந்து புகைப்பவர்களின் இருமல் உணர்வு மழுங்கியிருக்கும். சளி இருந்தும் உடல் அதை உணர்ந்து இருமுவதில்லை. விட்டு இரண்டு வாரத்துக்குள் அந்த உணர்வு திரும்பத் தொடங்குகிறது. உங்களுக்கு இப்போது மூன்று வாரம்.

அதே நேரத்தில் இழைகள் கொஞ்சம் கொஞ்சமாக மீண்டு அடிக்கத் தொடங்கியிருக்கின்றன. ஆனால் பெருகிய சளிச் செல்களும் சுரப்பிகளும் அவ்வளவு சீக்கிரம் சுருங்குவதில்லை, மாதங்கள் ஆகும். ஊறுவது பழைய அளவில் இருக்க, ஏற்றுவதும் உணர்வதும் கூடியிருக்கும் இடைக்காலம் இது. இருமல் கூடுவது எல்லோருக்கும் நடப்பதில்லை. நடக்கிறவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் குறைந்துவிடும். புகைப்பதை நிறுத்தியவர்களுக்குச் சளி ஏறும் வேகம் மூன்று மாதத்தில் கூடியிருப்பதும் அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது.

அப்படியானால் காலையில் ஒன்று பிடித்தால் சளி வருவது ஏன்? எரிச்சலால். புகை சுவரை உறுத்துகிறது, உறுத்தல் இருமலைக் கிளப்புகிறது, அதே உறுத்தல் புதுச் சளியையும் ஊற வைக்கிறது. வெளியே வருவது பெரிய கிளைகளில் இருந்த சளி. சிறுகிளைகளில் உள்ள கல் தூசி அசைவதில்லை. அதைத் தள்ள வேண்டிய இழைகளை அந்தப் புகையே அடக்கிவிடுகிறது. அதுவும் நீங்கள் தூசிக்குள் இறங்கி வேலையைத் தொடங்குவதற்குச் சற்று முன்னால். பீடிக்கும் இதே கதைதான்.

இனி காற்றறை வரை போன துகள். இழை அங்கே கிடையாது, சளியும் கிடையாது. துகளை அங்கே ஒரு வகை வெள்ளணு, விழுங்கி செல் என்று வைத்துக்கொள்வோம், தேடிப் பிடித்து விழுங்குகிறது. விழுங்கிய பின் சில மெல்ல நகர்ந்து, இழைகள் தொடங்கும் இடத்தை அடைந்து சளியோடு மேலேறும். சில நிணநீர்க் குழாய்களுக்குள் போகும். இங்கே கணக்கு மணி நேரத்தில் இல்லை, வாரங்களிலும் மாதங்களிலும் இருக்கிறது. புகைப்பவர்களின் காற்றறைகளில் இந்தச் செல்கள் பல மடங்கு பெருகியிருக்கும், ஆனால் தாருடைய பழுப்புக் குப்பையைச் சுமந்துகொண்டு வேலையில் பின்தங்கியிருக்கும்.

இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதை 1979-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு நேரடியாக அளந்தது. தீங்கற்ற காந்த இரும்பு ஆக்சைடு தூசியைச் சிலரை மூச்சில் இழுக்கச் செய்து, நெஞ்சின் வெளியிலிருந்து காந்தப்புலத்தை அளந்து, எவ்வளவு தூசி மிச்சம் இருக்கிறது என்று மாதக்கணக்கில் பார்த்தார்கள். பதினொரு மாதம் கழித்துப் புகைக்காதவர்களின் நுரையீரலில் முதலில் படிந்ததில் சுமார் பத்து சதவீதம்தான் மிச்சம். கடுமையாகப் புகைப்பவர்களுக்குச் சுமார் ஐம்பது சதவீதம். கலந்துகொண்டவர்கள் சொற்பம், புகைப்பவர்கள் மூன்று பேர்தான். ஆனாலும் அந்த இடைவெளி மிகப் பெரியது. "புகை தூசியை அறுக்கும்" என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக நேரான பதில் இந்த அளவீடு.

உங்கள் தொழிலில் இன்னொரு சிக்கல் உண்டு. இரும்பு ஆக்சைடு விழுங்கி செல்லைக் கொல்வதில்லை. குவார்ட்ஸ் கொல்லும். கல்லில் உள்ள சிலிகாவின் படிக வடிவம் அது. விழுங்கிய செல் செத்து உடையும். துகள் வெளியே வந்து அடுத்த செல்லுக்குள் போகும். ஒவ்வொரு முறையும் அழற்சி, ஒவ்வொரு முறையும் வடு. வடுக்கள் முடிச்சு முடிச்சாக வளர்வதுதான் சிலிகோசிஸ். கறுப்பு கிரானைட்டில் குவார்ட்ஸ் குறைவு. பாரடைசோ போன்ற வண்ணக் கற்களில் அதிகம். நீங்கள் எந்தக் கல்லை எத்தனை வருஷம் அறுத்தீர்கள் என்பது மருத்துவருக்கு மிகத் தேவையான தகவல். அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். சிகரெட்டை விட்டதால் இந்த வடு மறையாது. இனி வரும் தூசி தங்காமல் போக வழி கிடைக்கும், அவ்வளவுதான். ஆகவே தூசியையும் நிறுத்தியாக வேண்டும்.

அதற்கு முதல் தேவை தண்ணீர். பிளேடு கல்லைத் தொடும் இடத்திலேயே தண்ணீர் விழ வேண்டும். தரையை நனைத்தால் போதாது. கை கிரைண்டரில் உலர்ந்த கல்லைத் தேய்ப்பதும், காய்ந்த தூசியைத் துடைப்பத்தால் பெருக்குவதும், காற்றுக்குழாயால் உடையில் உள்ள தூசியை ஊதுவதும்தான் நுண்தூசியை மிக அதிகம் கிளப்பும் வேலைகள். முகத்தில் கட்டும் துண்டு பெரிய துகளைத்தான் பிடிக்கும், காற்றறைக்குப் போகும் துகள் அதன் வழியே நுழைந்துவிடும். என்95 மாஸ்க் வேண்டும், அதுவும் முகத்தோடு ஒட்டி உட்கார வேண்டும். இரண்டு பட்டைகளையும் போட்டு, மூக்குப் பக்கம் உள்ள கம்பியை அழுத்தி, இரு கையாலும் மாஸ்க்கை மூடிப் பலமாக மூச்சு விட்டுப் பாருங்கள். ஓரத்தில் காற்று கசிந்தால் தூசியும் அதே வழியே உள்ளே வரும். தாடி இருந்தால் ஒட்டாது. நனைந்தாலோ மூச்சு இழுக்கக் கடினமானாலோ மாற்றிவிடுங்கள்.

சிரப்புக்கு வருகிறேன். கடையில் கொடுக்கும் பல இருமல் மருந்துகளில் இருமல் உணர்வை அடக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் இருக்கும். கூடவே குளோர்ஃபெனிரமின் என்ற, தூக்கம் வர வைத்துச் சளியை உலர்த்தும் மருந்தும் இருக்கும். வெளியே வர வேண்டிய சளி உள்ளே நிற்கும் நிலையில், இந்த இரண்டுமே தவறான மருந்து. சளியை இளக்குவதாகச் சொல்லப்படும் அம்ப்ராக்சால், அசிட்டைல்சிஸ்டீன் போன்றவற்றால் பலன் சிறிது. மருத்துவர் எழுதினால் எடுத்துக்கொள்ளலாம். தாகத்துக்குத் தண்ணீர் குடியுங்கள், பட்டறை வெயிலில் வியர்க்கும் அளவுக்குச் சேர்த்துக் குடியுங்கள். அதற்கு மேல் குடம் குடமாகக் குடிப்பதால் சளி இளகுவதில்லை. பால், வாழைப்பழத்தை நிறுத்தவும் வேண்டியதில்லை. கொதிக்கும் பாத்திரத்தின் மேல் குனிந்து ஆவி பிடித்து வெந்துபோகிறவர்கள் பலர், அந்தச் சாகசம் வேண்டாம்.

சளியை வெளியே கொண்டுவர மருந்தைவிட ஒரு மூச்சுப் பயிற்சி உதவும். காலையில் எழுந்ததும், மாலையில் வேலை முடிந்து வந்ததும், பத்து நிமிடம் செய்யுங்கள். முதுகு நிமிர உட்கார்ந்து தோளைத் தளர்த்தி, ஒரு நிமிடம் மெதுவாக, வயிறு எழுந்து தாழ மூச்சு விடுங்கள். பிறகு மூன்று நான்கு தடவை மூக்கால் ஆழ இழுத்து, மூன்று வினாடி நிறுத்தி, அழுத்தாமல் விடுங்கள். அந்த நிறுத்தத்தில் காற்று பக்கவழிகளில் புகுந்து சளிக்குப் பின்னால் சேர்கிறது. மறுபடி அரை நிமிடம் சாதாரண மூச்சு. பிறகு பாதி மூச்சு இழுத்து, வாயை அகலத் திறந்து, கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல "ஹா" என்று நீளமாக வெளியே விடுங்கள். இதை இரண்டு தடவை. இது சிறுகிளைச் சளியை மேலே நகர்த்தும். சளி மேலே வந்துவிட்டது என்று தோன்றினால், ஆழ இழுத்து ஒரு "ஹா", அதன்பின் ஓர் இருமல், துப்பிவிடுங்கள். தொண்டையை இறுக்கித் தொடர்ந்து பலமாக இருமுவதில் பயன் குறைவு. அந்த அழுத்தத்தில் கிளைகளே நெரிந்து மூடிக்கொள்ளும், சளி பின்னால் மாட்டிக்கொள்ளும். தலை சுற்றினால் நிறுத்தி, சாதாரண மூச்சுக்குத் திரும்புங்கள். வந்த சளியை மூடியுள்ள டப்பாவில் அல்லது கழிவறையில் துப்புங்கள், பட்டறைத் தரையில் வேண்டாம்.

இனி அந்தப் பரிசோதனை. உங்கள் இருமலுக்கு நான் மேலே சொன்ன காரணம் மிகப் பொருந்துகிறது என்றாலும், அதை மட்டும் நம்பி உட்கார முடியாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காசநோய்க்குச் சளி பார்க்க வேண்டும் என்பது நம் நாட்டு நடைமுறை. சிலிகா தூசியில் வேலை செய்கிறவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. விழுங்கி செல்கள் சேதப்பட்டிருப்பதுதான் காரணம், கிருமியை அழிக்க வேண்டியவையும் அவைதான். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகச் செய்வார்கள். எழுந்தவுடன் வாயை வெறும் தண்ணீரில் கொப்பளித்து, மேலே சொன்ன "ஹா" செய்து, நெஞ்சிலிருந்து வரும் சளியைக் கொடுங்கள். எச்சிலைக் கொடுத்தால் முடிவு பொய்யாகிவிடும். சிபிநாட் அல்லது ட்ரூநாட் முறையில் பார்க்க முடியுமா என்று கேளுங்கள், நுண்ணோக்கியில் தப்பும் கிருமியையும் அவை பிடிக்கும்.

அதோடு ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயும் ஸ்பைரோமெட்ரியும் தேவை. ஸ்பைரோமெட்ரியில் ஆழ இழுத்து ஒரு கருவிக்குள் முழு வேகத்தில் ஊதச் சொல்வார்கள். முதல் வினாடியில் வெளியேறிய காற்று, மொத்தம் வெளியேறியதில் எத்தனை பங்கு என்று பார்ப்பார்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும் அது 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குழாய்கள் நிரந்தரமாகச் சுருங்கத் தொடங்கியிருக்கின்றன என்று பொருள். அதற்குத் தனி சிகிச்சை இருக்கிறது. இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் இந்த இரண்டையும் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் கேளுங்கள், உங்கள் தொழிலைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

சளியில் சாம்பல் அல்லது பழுப்புப் புள்ளிகள் மட்டும் இருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. ரத்தம் ஒரு கோடாக வந்தாலும், எடை குறைந்தாலும், மாலையில் காய்ச்சலோ இரவில் வியர்வையோ இருந்தாலும், முன்பு ஏறிய படியில் இப்போது மூச்சு வாங்கினாலும், முன்பதிவுக்குக் காத்திராமல் போய்விடுங்கள். சளி பச்சையாகி அளவும் கூடிக் காய்ச்சலும் சேர்ந்தால் அது கிருமித் தொற்று, அன்றே காட்ட வேண்டும். எல்லாப் பரிசோதனையும் சரியாக இருந்து, மூன்று மாதம் கழித்தும் நாள்தோறும் சளி வந்தால் மறுபடி போங்கள். எக்ஸ்ரே படத்தை எறியாமல் வைத்திருங்கள். சிலிகோசிஸ் வருஷக்கணக்கில் மெல்ல வளரும் நோய், அடுத்த வருஷப் படத்தை இந்த வருஷப் படத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் மாற்றம் தெரியும்.